பட்டம் யாருக்குக் கடினம்?

இரண்டு பேர் வேலை கேட்டு வருகிறார்கள். ஒருவரால் இரண்டு லட்ச ரூபாய்க்கு வேலை செய்து தர முடியும், மற்றவரால் ஒரு லட்சத்துக்குத்தான். யார் எப்படி என்பது அவரவருக்குத் தெரியும், முதலாளிக்குத் தெரியாது. இந்த இருட்டில் படிப்பு என்ன வேலை செய்கிறது என்று 1973இல் மைக்கேல் ஸ்பென்ஸ் கணக்குப் போட்டுக் காட்டினார். 2001இல் அக்கர்லாஃப், ஸ்டிக்லிட்ஸ் இருவரோடு அவருக்கும் நோபல் கிடைத்தது.

அவர் கணக்கை ரூபாயில் பார்ப்போம். ஒரு படிப்பு வேலைத்திறனைக் கொஞ்சமும் கூட்டுவதில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள் (நம்மில் பலருக்கு இது சிரமமாக இருக்காது). பணம், உழைப்பு, மன உளைச்சல் எல்லாம் சேர்த்து, திறமைசாலிக்கு அது ஆண்டுக்கு 50,000 ரூபாய் செலவு வைக்கிறது. தடுமாறிப் படிப்பவருக்கு ஒரு லட்சம். ஒன்றரை ஆண்டு படித்தவருக்கு இரண்டு லட்சம், மற்றவருக்கு ஒரு லட்சம் என்று முதலாளி அறிவிக்கிறார். படித்தால் கூடுதலாகக் கிடைப்பது ஒரு லட்சம். திறமைசாலிக்குச் செலவு 75,000, அதனால் படிப்பார். மற்றவருக்கு ஒன்றரை லட்சம்; படிக்காமலிருப்பதே லாபம். எதையும் கற்றுத்தராத படிப்புகூட ஆளைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. இதுதான் சமிக்ஞை.

படிப்பை ஓர் ஆண்டுக்கும் கீழே குறைத்தால் இருவருமே படிப்பார்கள், பட்டம் ஊமையாகிவிடும். இரண்டு ஆண்டுக்கு மேல் நீட்டினால் யாருமே படிக்கமாட்டார்கள். உண்மையான படிப்பு திறனையும் வளர்க்கும் என்பதால் நிஜத்தில் இரண்டும் கலந்தே இருக்கும்.

சமிக்ஞையில் விவரம் தெரிந்தவர் முந்திக்கொள்கிறார். விவரம் தெரியாதவர் முந்தினால் அது சலித்தெடுத்தல். அமெரிக்காவில் கார் கண்ணாடி மாற்றித் தரும் சேஃப்லைட் நிறுவனம் 1990களில் மணிக்கூலியை விட்டு, மாட்டிய கண்ணாடிக்கு இவ்வளவு என்று கூலி தரத் தொடங்கியது. குறைந்தபட்சக் கூலிக்கு உத்தரவாதமும் இருந்தது. ஆளுக்கான வேலை 44 சதவீதம் உயர்ந்ததாகப் பொருளியலாளர் எட்வர்ட் லாசியர் கணக்கிட்டார். அதில் ஏறக்குறைய பாதிதான் இருந்தவர்களே வேகமாக உழைத்ததால் வந்தது. மீதியில் பெரும்பங்கு, கைவேகம் உள்ளவர்கள் விலகாமல் தங்கியதாலும், அப்படிப்பட்டவர்களே புதிதாக வந்ததாலும். நேர்காணல் செய்யவேண்டிய வேலையைக் கூலிமுறையே செய்துவிட்டது.

இப்போது நம் பக்கம் வருவோம். யாரும் கேட்காமலே தான் எழுதிய செயலியை விண்ணப்பத்தோடு அனுப்பும் மாணவி தருவது சமிக்ஞை. ‘ஆறு மாதம் குறைந்த சம்பளம், வேலை பிடித்திருந்தால் இரட்டிப்பு’ என்று நிறுவனம் சொன்னால் அது சலித்தெடுத்தல். தேறமாட்டோம் என்று தெரிந்தவர் தானே ஒதுங்கிவிடுவார். வளாகத் தேர்வில் வைக்கும் 60 சதவீத வரம்பில் இரண்டும் உண்டு: மதிப்பெண் மாணவரின் சமிக்ஞை, வரம்பு நிறுவனத்தின் சல்லடை.

கல்லூரி எல்லோருக்கும் 80 போட்டுவிட்டால் அந்த வரம்பு யாரையும் பிரிக்காது. நிறுவனம் தன் சொந்தத் தேர்வை வைக்கும், அல்லது முதுகலை கேட்கும். தாராள மதிப்பெண்ணால் முதலில் நஷ்டப்படுபவர் நன்றாகப் படித்த மாணவர்தான்.