பாரத்தில் இரண்டு முகவரிக் கட்டங்கள்

வங்கியிலோ வேறு எந்த அலுவலகத்திலோ பாரம் நிரப்பும்போது, ‘அலாமாட் தெத்தாப்’ கட்டத்தில் ஐசியைப் பார்த்து நிரந்தர முகவரியை எழுதுவோம். கீழே வரும் ‘அலாமாட் சூராட் மெஞூராட்’ கட்டத்தில், அதாவது கடிதத் தொடர்பு முகவரிக்கான இடத்தில், ‘மேலே உள்ளபடி’ என்று போட்டுவிட்டு எழுந்துவிடுவோம். இரண்டும் ஒரே வீடாக இருந்தால் சரி. ஜார்ஜ்டவுனில் பலருக்கு அப்படி இல்லை.

அதற்கு ஊரின் கதையே காரணம். போருக்கு முன் கட்டிய கடைவீடுகளின் வாடகையை 1966ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று கட்டிப்போட்டிருந்தது. 1997இல் அதை ரத்துசெய்து, 1999 முடியும்வரை அவகாசம் கொடுத்தார்கள். 2000இல் வாடகை ஏற, மாடியறைகளில் இருந்த குடும்பங்கள் அடுக்குமாடிகளுக்குப் போயின. சட்டிபானை போனது, ஐசியில் இருந்த முகவரி போகவில்லை.

லெபோ பாசாரில் ஒரு கடைக்கு மேலே பிறந்து வளர்ந்த ஒருவரை உதாரணமாக வைத்துக்கொள்வோம். இப்போது பாயா தெருபோங் ஃப்ளாட்டில் இருக்கிறார். ஐசியில் இன்னும் பழைய வீடு. ‘அதுதானே என் நிரந்தர முகவரி’ என்பார். தமிழ்நாட்டுப் பழக்கத்தில் நிரந்தர முகவரி என்றால் சொந்த ஊர், பூர்வீக வீடு. மலேசியப் பதிவு அப்படிப் பார்ப்பதில்லை. நீங்கள் உண்மையில் குடியிருக்கும் வீடுதான் ஐசியில் இருக்க வேண்டும். வீடு மாறினால் 30 நாளுக்குள் தேசியப் பதிவிலாகாவில் தெரிவிக்க வேண்டும் என்பது விதி. ஆகவே ‘தெத்தாப்’ என்ற சொல்லைப் பார்த்து ஏமாற வேண்டாம். வீடு வாடகையா சொந்தமா என்பது இங்கே பேச்சே இல்லை.

நிரந்தர முகவரிக்கு அதிக வேலை இருப்பது ஓட்டில்தான். 2021 டிசம்பரிலிருந்து 18 வயதானதும் தானாகவே வாக்காளராகிவிடுகிறோம். எந்தத் தொகுதி என்பதை அப்போதைய ஐசி முகவரி முடிவுசெய்கிறது. நம் லெபோ பாசார்க்காரர் தஞ்சோங் நாடாளுமன்றத் தொகுதியில் ஓட்டுப் போடுவார். அவர் குடியிருக்கும் பாயா தெருபோங்கோ புக்கிட் குளுகோர் தொகுதியில் இருக்கிறது. ஐசியை மாற்றினால் ஓட்டும் கூடவே மாறிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். மாறாது. ஏற்கெனவே பதிவான வாக்காளர் முதலில் ஐசியைத் திருத்தி, பிறகு தேர்தல் ஆணையத்திடம் தனியாக விண்ணப்பிக்க வேண்டும்.

கடித முகவரியின் கதை வேறு. அதில் நீங்கள் குடியிருக்க வேண்டியதில்லை. தபால் உங்கள் கைக்கு வந்தால் போதும். தபால் பெட்டி எண், தங்கை வீடு, வேலையிடம் எதுவானாலும் பொதுவாக ஏற்பார்கள். ஆனால் இதில் கவனக்குறைவாக இருந்தால் பணமும் நிலமும் போகும். காரணம், சட்டத்தின் பார்வையில் பல சமயம் கடிதத்தை நீங்கள் படித்தீர்களா என்பது கேள்வி இல்லை, பதிவில் உள்ள முகவரிக்கு அனுப்பினார்களா என்பதே கேள்வி. கடன் ஒப்பந்தங்களில், தபாலில் போட்டுச் சில நாளானால் கிடைத்ததாகக் கொள்ளப்படும் என்று ஒரு வரி இருக்கும். நீதிமன்ற ரிட்டைக்கூடக் கடைசியாகத் தெரிந்த முகவரிக்குப் பதிவுத் தபாலில் அனுப்ப விதி இடம் தருகிறது. வழக்கு நடப்பதே தெரியாமல் எதிராகத் தீர்ப்பு வந்து நிற்பது இப்படித்தான்.

அதே மனிதருக்கு அப்பா வழியில் புக்கிட் மெர்த்தாஜாமில் ஒரு துண்டு நிலம் இருப்பதாக வையுங்கள். நில அலுவலகத்தில் அவர் பெயருக்கு நேரே லெபோ பாசார் முகவரி. நிலவரி பில் அங்கே போகிறது. கீழே இப்போது வேறு யாரோ கடை நடத்துகிறார்கள், பில் குப்பைக்குப் போகிறது. பாக்கி நின்றால் 6ஏ பாரத்தில் நோட்டீஸ் வரும். மூன்று மாதத்துக்குள் கட்டாவிட்டால் நிலத்தை அரசு எடுத்துக்கொள்ளச் சட்டம் வழி செய்கிறது. வரி என்னவோ சின்னத் தொகைதான்.

அவர் ஐசியை மாற்றினாலும் இது சரியாகாது. நில அலுவலகம், வருமான வரி வாரியம், மாநகராட்சி, சேமநிதி, வங்கி என்று ஒவ்வொன்றும் தனக்கென ஒரு முகவரியை வைத்திருக்கிறது. ஒவ்வொன்றிலும் போய்ச் சொல்ல வேண்டும். வருமான வரிக்கு முகவரி மாறி மூன்று மாதத்துக்குள் சொல்ல வேண்டும் என்று சட்டத்திலேயே இருக்கிறது. எது விட்டுப்போனது என்று கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு: ஆண்டுதோறும் வரும் பில்லோ அறிக்கையோ இந்த ஆண்டு வரவில்லையென்றால், ‘நல்லதாப் போச்சு’ என்று இருக்காமல் அந்த அலுவலகத்தைக் கூப்பிட்டுக் கேளுங்கள்.

சிங்கப்பூரில் வேலை செய்துகொண்டு பினாங்கு அக்கா வீட்டைக் கடித முகவரியாகக் கொடுப்பவர்கள், உங்கள் பெயருக்குக் கீழே ‘டி/ஏ’ என்று போட்டு அக்காவின் பெயரையும் எழுதிக் கொடுங்கள். இல்லாவிட்டால், ‘இந்தப் பேர்ல இங்க யாரும் இல்லையே’ என்று அந்த வீட்டில் யாராவது தபால்காரரிடம் திருப்பிக் கொடுத்துவிடுவார்.