ஒரு பின்னுக்கு எத்தனை நிமிடம்?

கோவை கணபதியில் இருப்பது போன்ற ஒரு சிறிய லேத் பட்டறைக்கு டிராயிங் வருகிறது. இ.என்.8 இரும்பில் 80 மி.மீ. நீளப் பின். 40 மி.மீ. விட்டமுள்ள ராடில் 50 மி.மீ. நீளத்தை 30 விட்டத்துக்குக் கடைய வேண்டும். 200 பீஸ். விலை கேட்கிறார்கள்.

முதலில் இரும்பு. பட்டறைக்காரர்கள் விட்டத்தை விட்டத்தாலேயே பெருக்கி 162-ஆல் வகுப்பார்கள். மீட்டருக்கு இத்தனை கிலோ என்று வந்துவிடும். இங்கே 9.88 கிலோ. முகம் சீவவும் ராடை அறுக்கவும் 5 மி.மீ. சேர்த்து 85 மி.மீ. எடுத்தால் 840 கிராம். கிலோ 80 ரூபாய் என்று வைத்தால் 67 ரூபாய். முடிந்த பின்னின் எடை 575 கிராம்தான். ஆனாலும் வாங்கிய எடைக்குத்தான் காசு. சுருளாகப் போனது பழைய இரும்பு விலைக்குத்தான் போகும்.

அடுத்து நேரம். கார்பைடு இன்சர்ட்டுக்கு நிமிடத்துக்கு 150 மீட்டர் வேகம் என்றால் 40 விட்டத்தில் சுமார் 1,200 சுற்று. ஒரு சுற்றுக்கு 0.25 மி.மீ. ஊட்டினால், 50 மி.மீ. கடைய 10 நொடி. இரண்டு ரஃப் வெட்டு, மெதுவான ஒரு ஃபினிஷ் வெட்டு, இரண்டு பக்கமும் முகம் சீவல் எல்லாம் சேர்ந்து 60 நொடி.

விலை தவறுவது பெரும்பாலும் இங்கேதான். அந்த 60 நொடியையே சைக்கிள் டைம் என்று எழுதிவிடுகிறார்கள். சக்கில் மாட்டிக் கழற்ற, பிறகு திருப்பி மாட்டிக் கழற்ற 40 நொடி. டூல் மாற, சுருளைத் தள்ள, அளவு பார்க்க இன்னொரு 20. ஆக இரண்டு நிமிடம். சுற்றை 20 சதவீதம் கூட்டினாலும் மிச்சமாவது 10 நொடிதான். இன்சர்ட் ஆயுளோ ஏறத்தாழ பாதியாகிவிடும். எனக்கு அது லாபமாகத் தெரியவில்லை.

மெஷினுக்கு மணிக்கு 400 ரூபாய் என்றால் இரண்டு நிமிடத்துக்கு 13 ரூபாய். டீ, மின்தடை, ஆள் வராதது எல்லாம் போக மெஷின் 80 சதவீத நேரமே ஓடும் என்று கொண்டால் 17. செட்டிங்குக்கு ஒன்றரை மணி நேரம், 600 ரூபாய். 200 பீஸுக்குப் பிரித்தால் தலைக்கு 3. மொத்தம் 87 ரூபாய். இதே பின் 20 பீஸ் மட்டும் என்றால் செட்டிங்கே தலைக்கு 30 ஆகி, அடக்கம் 114-க்கு ஏறிவிடும். இன்சர்ட், ரிஜெக்ட், வண்டி வாடகை, லாபம் எல்லாம் இதற்கு மேல்தான்.

இத்தனையும் போட்ட பிறகும் டிராயிங்கை இன்னொரு முறை பார்ப்பது நல்லது. 30-க்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் எச்6 என்றிருந்தால் விட்டம் 0.013 மி.மீ.க்குள் நிற்க வேண்டும். அப்போது பின் கிரைண்டிங்குக்குப் போகும். அந்தக் கூலியைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் விலையை அனுப்பக்கூடாது.