ஆறாம் ஆண்டுக்கு அப்பால் கிடக்கும் முக்கால் பங்கு

2021 ஜூலையில் சொமாட்டோ நிறுவனம் முதன்முறையாகப் பங்கு வெளியிட்டபோது ஒரு பங்கின் விலை 76 ரூபாய். சென்னை லயோலா கல்லூரியில் பி.காம் படித்து, இப்போது நியூயார்க் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருக்கும் அஸ்வத் தாமோதரன், அதையொட்டித் தன் கணக்கை வெளியிட்டார். அவருடைய மதிப்பு சுமார் 41 ரூபாய். சந்தை அதைக் கண்டுகொள்ளவில்லை. பட்டியலான முதல் நாளே பங்கு 115 ரூபாய்க்கு மேல் கைமாறியது. சரியாக ஒரு வருடம் கழித்து, 2022 ஜூலையில், விலை ஏறக்குறைய அவர் சொன்ன இடத்துக்கே இறங்கியது. 2024இல் 250 ரூபாயைத் தாண்டியது.

பேராசிரியர் ஜெயித்தாரா தோற்றாரா என்ற பட்டிமன்றத்தை விட்டுவிடலாம். 41 ரூபாய் எங்கிருந்து வந்தது என்பதுதான் சுவாரஸ்யம். 2020-21 நிதியாண்டில் சொமாட்டோவின் நஷ்டம் 800 கோடி ரூபாய்க்கு மேல். புதுப் பங்குகளின் மூலம் திரட்டிய 9,000 கோடியைத் தள்ளிவிட்டுப் பார்த்தால், அடுத்த ஓரிரு ஆண்டுகளில் அந்தத் தொழில் கையில் மிச்சம் வைக்கப்போவது ஒன்றுமில்லை. ஆகவே மீதி மதிப்பு முழுவதும் வெகுதூரத்து ஆண்டுகளிலிருந்துதான் வந்தாக வேண்டும். நஷ்டத்தில் ஓடும் கம்பெனிக்குத்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். ஒழுங்காக லாபம் பார்க்கும் கம்பெனியின் கதையும் பெரும்பாலும் இதுதான்.

கம்பெனிகளுக்கு விலை போடும் முறைகளில் டிசிஎஃப் முக்கியமானது. வரி, செலவு, புது முதலீடு எல்லாம் போக ஒரு தொழில் ஒவ்வொரு ஆண்டும் உரிமையாளர்களுக்கு மிச்சம் வைக்கும் பணத்தை மதிப்பிட வேண்டும். பிறகு ஒவ்வோர் ஆண்டின் தொகையையும் இன்றைய மதிப்புக்குக் குறைக்க வேண்டும். முதலீட்டாளர் ஆண்டுக்கு 12 சதவீதம் எதிர்பார்க்கிறார் என்றால், அடுத்த ஆண்டு வரும் 112 ரூபாய் இன்றைக்கு 100 ரூபாய்க்குச் சமம். இந்த 12 சதவீதம்தான் தள்ளுபடி விகிதம். கம்பெனியின் மதிப்பு, அது வருங்காலத்தில் தரும் பணத்தின் இன்றைய மதிப்பே என்ற கருத்தை 1938இல் ஜான் பர் வில்லியம்ஸ் என்ற அமெரிக்கர் ஒரு புத்தகமாகவே எழுதினார்.

சிக்கல் என்னவென்றால், கம்பெனிக்கு முடிவுத் தேதி கிடையாது. எக்செல் தாளில் ஐந்து அல்லது பத்து ஆண்டுகளுக்கு விற்பனை, லாபம், முதலீடு என்று வரிவரியாக எழுதலாம். நாற்பதாவது ஆண்டின் விற்பனையை யார் எழுதுவது? அதனால் ஓரிடத்தில் கோடு போட்டு, அதற்குப் பிறகு வரும் எல்லா ஆண்டுகளையும் ஒரே தொகையாகச் சுருட்டிவிடுகிறார்கள். அந்தத் தொகைதான் டெர்மினல் வேல்யூ, அதாவது இறுதி மதிப்பு. அதைக் கண்டுபிடிக்கும் சூத்திரம் மைரன் கார்டன் என்ற பொருளியலாளர் பெயரில் வழங்குகிறது. கோட்டுக்கு அடுத்த ஆண்டின் பணத்தை எடுத்துக்கொண்டு, தள்ளுபடி விகிதத்திலிருந்து நிரந்தர வளர்ச்சி விகிதத்தைக் கழித்து வரும் எண்ணால் வகுத்தால் போதும்.

ஒரு கற்பனைக் கம்பெனியை எடுத்துக்கொள்வோம். முதல் ஆண்டில் கையில் மிஞ்சுவது 100 கோடி. அது ஆண்டுக்கு 10 சதவீதம் வளர்ந்து ஐந்தாம் ஆண்டில் 146 கோடியாகிறது. அதற்குப் பிறகு நிரந்தரமாக 5 சதவீத வளர்ச்சி. தள்ளுபடி விகிதம் 12. முதல் ஐந்து ஆண்டுகளின் பணத்தை இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்தால் மொத்தம் 431 கோடி வருகிறது. ஆறாம் ஆண்டில் வரப்போகும் 154 கோடியை 7 சதவீதத்தால் வகுத்தால் கிட்டத்தட்ட 2,196 கோடி. இது ஐந்தாம் ஆண்டு முடிவில் உள்ள மதிப்பு. இன்றைக்குக் கொண்டுவந்தால் 1,246 கோடி. ஆக, கம்பெனியின் மதிப்பு 1,677 கோடி. அதில் 74 சதவீதம் இறுதி மதிப்பு.

ஆய்வறிக்கையில் இந்த 74 சதவீதத்தைப் பார்த்ததும் பலர் அதிர்ந்துபோகிறார்கள். ஐந்து வருடம் மண்டையை உடைத்துக்கொண்டு போட்ட கணக்கு கால்வாசி, ஒற்றை வரிச் சூத்திரம் முக்கால்வாசியா என்று. இந்த அதிர்ச்சிக்குப் பாதி காரணம் கோடு போட்ட இடம்தான். கோட்டை ஐந்திலிருந்து பதினைந்தாம் ஆண்டுக்குத் தள்ளிப் பாருங்கள், வேறு எதையும் மாற்றாமல். முதல் ஐந்து ஆண்டுகள் அதே 431 கோடி. ஆறு முதல் பதினைந்து வரை 592 கோடி. அதற்கு அப்பால் மிஞ்சுவது 654 கோடி. மொத்தம் அதே 1,677. இறுதி மதிப்பின் பங்கு மட்டும் 74லிருந்து 39 சதவீதமாக இறங்கிவிட்டது. கம்பெனியில் ஒரு செங்கல்கூட நகரவில்லை.

தென்னந்தோப்பு வாங்குகிறவர் அடுத்த ஐந்து வருடக் காய்ப்புக்கு மட்டுமா விலை பேசுகிறார்? மரம் நிற்கும் காலம் முழுவதையும் மனதில் வைத்துத்தான் பேசுகிறார். ஆகவே இறுதி மதிப்பு பெரியதாக இருப்பதே கோளாறு ஆகாது. வேகமாக வளரும் கம்பெனி ஆரம்ப ஆண்டுகளில் சம்பாதித்ததையெல்லாம் தொழிலிலேயே போடும். கையில் மிஞ்சும் பணம் மைனஸில் நிற்கும். அப்போது இறுதி மதிப்பின் பங்கு 100 சதவீதத்தையே தாண்டும். இதில் விசித்திரம் ஒன்றுமில்லை. முன்பாதி மைனஸ் என்றால் பின்பாதி மொத்தத்தைவிடப் பெரிதாகத்தானே இருக்கும்.

ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. சூத்திரத்தில் வகுக்கும் எண், இரண்டு விகிதங்களுக்கு நடுவில் உள்ள சிறு இடைவெளி. நம் கம்பெனியில் அது 12க்கும் 5க்கும் இடையே 7. நிரந்தர வளர்ச்சியை 6 ஆக்கினால் இடைவெளி 6 ஆகிறது, மொத்த மதிப்பு 1,677லிருந்து 1,899 கோடிக்குத் தாவுகிறது. கூடவே தள்ளுபடி விகிதத்தையும் 11 ஆக்கிவிட்டால் 2,284 கோடி. இரண்டு கட்டங்களில் ஒவ்வொரு சதவீதம் மாற்றியதற்கு மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் விலை ஏறிவிட்டது. விற்கிற தரப்பும் வாங்குகிற தரப்பும் ஒரே கம்பெனிக்கு எட்டாத தூரத்தில் விலை சொல்வதன் ரகசியம் பல நேரம் இவ்வளவுதான். விற்பனைக் கணிப்பில் சண்டையே வராது.

வளர்ச்சிக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. நாட்டின் பொருளாதாரத்தைவிட வேகமாக ஒரு கம்பெனி என்றென்றைக்கும் வளர்ந்தால், ஒருநாள் அந்தக் கம்பெனியே நாடாகிவிடும். தாமோதரன் இதைவிடக் கறாரானவர். நீண்டகால அரசுக் கடன் பத்திரத்தின் வட்டியைத் தாண்டி நிரந்தர வளர்ச்சியை வைக்கக் கூடாது என்பது அவர் விதி. இந்தியாவில் அண்மைக் காலமாக அந்த வட்டி ஏறக்குறைய 6 முதல் 7 சதவீதம். இதில் விலைவாசி உயர்வும் அடக்கம் என்பதை மறந்துவிடக் கூடாது.

வரம்பைவிட அதிகம் கவனிக்கப்படாதது இன்னொன்று: வளர்ச்சி இலவசமாகக் கிடைப்பதில்லை. புது இயந்திரம், புதுக் கிளை, கூடுதல் சரக்கு இருப்பு என்று லாபத்தில் ஒரு பகுதியைத் திருப்பிப் போட்டால்தான் அடுத்த ஆண்டு லாபம் கூடும். வேறொரு கம்பெனி ஆறாம் ஆண்டில் வரி போக 200 கோடி லாபம் பார்க்கிறது, புது முதலீட்டில் 12 சதவீத வருவாய் ஈட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். 5 சதவீதம் வளர வேண்டுமென்றால் லாபத்தில் பன்னிரண்டில் ஐந்து பங்கு, சுமார் 83 கோடி, உள்ளே போக வேண்டும். மிஞ்சும் 117 கோடியை 7 சதவீதத்தால் வகுத்தால் 1,667 கோடி. 6 சதவீதம் வளர வேண்டுமென்றால் சரிபாதி, 100 கோடி, உள்ளே போகும். மிஞ்சும் 100 கோடியை 6 சதவீதத்தால் வகுத்தால் எவ்வளவு? அதே 1,667 கோடி!

வருவாயும் தள்ளுபடி விகிதமும் சமமாக இருக்கும்போது எவ்வளவு வேகமாக வளர்ந்தாலும் மதிப்பு கூடாது. வருவாய் 9 சதவீதம்தான் என்றால் நிலைமை இன்னும் மோசம். வளர்ச்சியை 5லிருந்து 6க்கு உயர்த்தினால் மதிப்பு 1,270 கோடியிலிருந்து 1,111 கோடிக்கு இறங்கும். மூலதனத்தின் செலவைவிடக் கூடுதலாகச் சம்பாதிக்கத் தெரிந்த கம்பெனிக்கு மட்டுமே வளர்ச்சி வரம். ஆனால் நடைமுறையில் நடப்பது என்ன? கையில் மிஞ்சும் 117 கோடியை அப்படியே வைத்துக்கொண்டு, வளர்ச்சிக் கட்டத்தில் மட்டும் 5ஐ அழித்து 6 என்று போடுகிறார்கள். விடை 1,944 கோடி. காற்றிலிருந்து 277 கோடி! இதைக் கண்டுபிடிக்க ஒரு குறுக்குவழி உண்டு. அறிக்கையின் கடைசி ஆண்டில் முதலீட்டுச் செலவையும் தேய்மானத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதலீடு தேய்மானத்தைவிடக் குறைவாக இருந்து, வளர்ச்சி மட்டும் நிரந்தரமாக ஓடினால், பழைய இயந்திரங்களைக்கூட மாற்றாமல் தொழிற்சாலை பெரிதாகிக்கொண்டே போகிறது என்று பொருள்.

சூத்திரமே வேண்டாம் என்று சிலர் வேறு வழி போகிறார்கள். வட்டி, வரி, தேய்மானம் கழிப்பதற்கு முந்தைய ஐந்தாம் ஆண்டு லாபத்தை, அந்தத் துறையின் பங்குகள் இன்று விற்கும் மடங்கால் பெருக்கி, அதையே இறுதி மதிப்பாக வைத்துக்கொள்வார்கள். சந்தை சொல்லும் எண் என்பதால் பாதுகாப்பானது போலத் தெரியும். உண்மையில் அதற்குள்ளும் ஒரு வளர்ச்சி விகிதம் ஒளிந்திருக்கிறது. நம் முதல் கம்பெனிக்கு இப்படி 4,400 கோடி வந்தது என்று கொள்வோம். அதில் 12 சதவீதம் 528 கோடி. அதிலிருந்து ஐந்தாம் ஆண்டின் 146 கோடியைக் கழித்து, மிஞ்சும் 382 கோடியை, 4,400உம் 146உம் சேர்ந்த தொகையால் வகுக்க வேண்டும். ஒளிந்திருப்பது 8.4 சதவீதம். மடங்கை நம்பியவர் தன்னை அறியாமலே, இந்தக் கம்பெனி என்றென்றைக்கும் 8.4 சதவீதம் வளரும் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

எல்லாத் தொழிலுக்கும் இறுதி மதிப்பு உண்டு என்றும் எண்ண வேண்டாம். சாலை போட்டு, ஒப்பந்தக் காலம் முழுவதும் சுங்கம் வசூலித்து, பிறகு அரசிடம் ஒப்படைக்க வேண்டிய நிறுவனத்துக்கு அந்தத் தேதிக்குப் பின் பைசா வராது. சுரங்கமும் அப்படித்தான், தாது தீர்ந்தால் கதை முடிந்தது. குழியை மூடிச் சீர்செய்யும் செலவு வேறு காத்திருக்கும். இப்படிப்பட்ட கம்பெனிகளுக்குக் கடைசி நாள்வரை ஆண்டுவாரியாகவே எழுத வேண்டும். அங்கே யாராவது நிரந்தர வளர்ச்சிச் சூத்திரத்தைப் போட்டிருந்தால் அறிக்கையை அந்தப் பக்கத்திலேயே மூடிவிடலாம்.