தணிக்கையும் சிலேடையும்

ஒரு சொல்லோ தொடரோ இரண்டு பொருள் தருமாறு பாடுவதைச் சிலேடை என்பர். இரட்டுற மொழிதல் என்றும் கூறுவர். காளமேகப் புலவர் பாம்பையும் எள்ளையும் ஒரே வெண்பாவில் அடக்கிப் பாடினார். அங்கே இரண்டு பொருளும் எல்லாருக்கும் வெளிப்படை. கேட்போர் இரண்டையும் கண்டு புலவரின் திறத்தை வியக்கின்றனர். ஒரு பொருள் அதிகாரியின் கண்ணுக்கும், மற்றொரு பொருள் மக்களின் செவிக்கும் என அமைந்த சிலேடைகளும் உலகில் உண்டு. அத்தகையவை தென் அமெரிக்காவிலுள்ள பிரேசில் நாட்டில் பல தோன்றின.

அந்நாட்டில் 1964ஆம் ஆண்டில் படைத்தலைவர்கள் ஆட்சியைக் கைப்பற்றினர். 1968ஆம் ஆண்டு டிசம்பரில் அவர்கள் பிறப்பித்த ஆணை ஒன்று மக்களின் உரிமைகளைப் பெரிதும் பறித்தது. அதன்பின் தணிக்கை மிகக் கடுமையாயிற்று. இசைத்தட்டாக வரவேண்டிய பாட்டையும், மேடையில் பாடவேண்டிய பாட்டையும் எழுத்து வடிவில் முன்னதாகவே தணிக்கை அலுவலகத்திற்கு அனுப்புதல் வேண்டும். அலுவலர் படித்துப் பார்த்து இசைவு தருவார், அல்லது மறுப்பார். அவர் முன் இருந்தது தாளும் எழுத்துமே என்பதை நினைவிற் கொள்ளுதல் வேண்டும். பாடலாசிரியர்கள் பலமுறை தப்பியது இந்த வழியாகத்தான்.

ஷிகோ புவார்க்கே என்பவர் அந்நாட்டின் புகழ்பெற்ற பாடலாசிரியர். 1970ஆம் ஆண்டில் அவர் எழுதிய ஒரு பாட்டின் தலைப்புக்கு ‘உன்னையும் மீறி’ என்பது பொருள். மேலோட்டமாகப் படிப்பவருக்கு அது காதற் பிணக்கைப் பாடும் பாட்டு. கொடுமை செய்த ஒருவரை நோக்கி, ‘நீ எவ்வளவு தடுத்தாலும் நாளை விடியும், அப்பொழுது நீ என்ன செய்வாய்?’ என்னும் கருத்தில் ஒருவன் பாடுகின்றான். தணிக்கை அலுவலர் அதனைக் காதற் பாட்டாகவே கொண்டு இசைவளித்தார். இசைத்தட்டு ஏறத்தாழ ஒரு லட்சம் படிகள் விற்றது. மக்கள் அதில் வேறொரு பொருளைக் கேட்டனர்.

அப்பொருள் எங்கே ஒளிந்திருந்தது? முதலாவது, ‘நீ’ என்னும் சொல்லில். தமிழில் ‘நீ’ என்பது ஆணையும் குறிக்கும், பெண்ணையும் குறிக்கும். போர்த்துக்கீசிய மொழியில் அப்பாட்டில் வரும் முன்னிலைச் சொல்லும் அத்தகையதே. ஆகவே, ‘நீ’ என்பது காதலியாகவும் இருக்கலாம். நாட்டை ஆளும் தலைவராகவும் இருக்கலாம். இரண்டாவது, பாட்டின் நடுவே தன் மக்கள் ஒதுங்கி மறைவாகப் பேசித் தரையைப் பார்த்து நடக்கின்றனர் என்று ஒரு செய்தி வருகின்றது. காதலனும் காதலியும் பிணங்கினால் ஊரார் ஏன் ஒதுங்கி மறைவாகப் பேசுதல் வேண்டும்? இச்செய்தி காதற் பொருளோடு ஒட்டவில்லை. அச்சத்தில் வாழும் நாட்டைப் பற்றியது என்று கொண்டால், நன்கு பொருந்துகின்றது. வெளிப்பொருளில் ஒட்டாமல் மிஞ்சி நிற்கும் இத்தகைய சொல்லே உட்பொருளுக்கு வாயில்.

1971ஆம் ஆண்டில் அரசு உண்மையை உணர்ந்து பாட்டைத் தடை செய்தது. கடைகளில் இருந்த இசைத்தட்டுகள் பறிமுதல் செய்யப்பட்டன. ‘அந்த நீ யார்?’ என்று அதிகாரிகள் வினவினர். ‘பிறரை அதட்டி ஆளும் ஒரு பெண்’ என்று புவார்க்கே விடை கூறினார் என்பர். வெளிப்பொருள் முழுமையாக அமைந்திருந்தமையால் அவ்விடை கூற முடிந்தது. அரைகுறையான வெளிப்பொருள் பாடியவரைக் காக்காது.

அடுத்த பாட்டில் மறைவிடம் வேறு. 1973ஆம் ஆண்டில் புவார்க்கேயும் ஜில்பெர்த்தோ ஜில் என்னும் பாடகரும் சேர்ந்து ஒரு பாட்டு இயற்றினர். இயேசுநாதர் தம் பாடுகளுக்கு முந்திய இரவில், துன்பமாகிய கிண்ணம் தம்மை விட்டு நீங்குமாறு வேண்டியதாக விவிலியம் கூறும். அவ்வேண்டுதலே பாட்டின் அடிப்படை. கிண்ணத்தைக் குறிக்கும் போர்த்துக்கீசியச் சொல்லைக் ‘காலிசி’ என ஒலிப்பர். அம்மொழியில் ‘வாயை மூடு’ என்று கட்டளையிடும் தொடரும் அவ்வாறே ஒலிக்கும். எழுத்தில் இரண்டும் வேறு, ஒலியில் ஒன்று. தாளில் காண்பவருக்கு அது இறைவேண்டல். செவியால் கேட்பவருக்கோ, ‘வாயை மூடு என்னும் இக்கட்டளையை என்னிடமிருந்து நீக்குக’ என்னும் முறையீடு.

இம்முறை தணிக்கையாளர் ஏமாறவில்லை. பாட்டுக்கு இசைவு மறுத்தனர். அவ்வாண்டு மே மாதத்தில் சாவோ பாலோ நகரில் நடந்த இசைவிழாவில் இருவரும் சொற்களை விடுத்து மெட்டை மட்டும் பாட முயன்றனர். அப்பொழுது ஒலிவாங்கிகள் நிறுத்தப்பட்டன. ‘வாயை மூடு’ என்பதற்கு எதிரான பாட்டின் வாய் மேடையிலேயே மூடப்பட்டது! தணிக்கை தளர்ந்த பின், 1978ஆம் ஆண்டில்தான் இப்பாட்டு இசைத்தட்டாக வெளிவந்தது. தடை செய்யப்பட்ட முதற்பாட்டும் அவ்வாண்டிலேயே மீண்டும் வந்தது.

தம் பெயரைக் கண்டவுடனே அதிகாரிகள் மறுப்பதை உணர்ந்த புவார்க்கே, 1974ஆம் ஆண்டில் ஜூலின்யோ த அதெலாய்தே என்னும் கற்பனைப் பெயரில் பாட்டுகளை அனுப்பினார். அவற்றுள் ஒன்றில், நள்ளிரவில் வீட்டு வாயிலில் ஓசை கேட்டு ஒருவன் விழிக்கின்றான். வந்திருப்பவர் காவலர் போலும் என்று அஞ்சித் திருடனை உதவிக்கு அழைக்கச் சொல்கின்றான். திருடன் வந்தால் காவலரை அழைப்பதே உலக வழக்கு. அது தலைகீழாக நிற்கும் இடத்திலேயே குற்றச்சாட்டு உள்ளது. நகைச்சுவைப் பாட்டென்று எண்ணி அலுவலர் இசைவளித்தனர். புனைபெயரின் உண்மை வெளிப்பட்டபின், பாட்டு அனுப்புவோர் தம் அடையாளச் சான்றின் படியையும் இணைத்தல் வேண்டும் என்று விதி வந்தது.

உட்பொருள் தேடுவோர் தவறுவதும் உண்டு. அதே புனைபெயரில் வந்த மற்றொரு பாட்டில், ‘உனக்கு என்னைப் பிடிக்காவிடினும் உன் மகளுக்குப் பிடிக்கும்’ என்னும் கருத்து வந்தது. அது அந்நாளைய குடியரசுத் தலைவரின் மகளைக் குறிப்பது என்று மக்கள் உறுதியாக நம்பினர். புவார்க்கே அதனை மறுத்தார். தம்மைப் பிடித்துச் சென்ற காவலர் ஒருவரே தம் மகளுக்காகக் கையொப்பம் கேட்டாராம். அந்நிகழ்ச்சியே பாட்டுக்கு வித்து என்றார். மக்கள் கொண்ட பொருளுக்குப் பாட்டில் ஒரு சொல் மட்டுமே துணை நின்றது. மற்ற அடிகள் அதனைத் தாங்கவில்லை.

ஆகவே, இத்தகைய பாட்டைப் படிப்பவர் முதலில் வெளிப்பொருளை முழுமையாக உணர்தல் வேண்டும். பின், அதனோடு ஒட்டாத சொல் யாது என்று நோக்குதல் வேண்டும். யாரென்று சுட்டாத ‘நீ’யை ஐயுறுதல் வேண்டும். கண்ணால் படித்ததை வாய்விட்டும் படித்துப் பார்த்தல் வேண்டும். பாட்டு எழுந்த ஆண்டையும் அந்நாளைய நிலையையும் அறிதல் வேண்டும். இறுதியாக, தாம் கண்ட உட்பொருள் முதலடி முதல் கடையடி வரை தொடர்ந்து செல்கின்றதா என்று சோதித்தல் வேண்டும். செல்லுமாயின் அது பாடியவர் வைத்த பொருளாகலாம். இடையில் அறுந்துபோமாயின் அது பெரும்பாலும் படிப்பவர் வைத்த பொருளே.

பிரேசிலில் படையாட்சி 1985ஆம் ஆண்டில் முடிவுற்றது. 1988ஆம் ஆண்டின் அரசியல் சட்டம் அத்தகைய தணிக்கையை அறவே நீக்கியது. மறைத்துப் பாட வேண்டிய தேவை அகன்றபின்னும் அப்பாட்டுகளை மக்கள் பாடி வருகின்றனர். முன்பு அவர்கள் செவிக்குள் மட்டும் கேட்ட பொருள் இன்று வெளிப்படையாகவே ஒலிக்கின்றது.