கிணற்று நீரிலும் உரம் உண்டு

விவசாய பீடத்திற்கு அனுமதி கிடைத்த பிள்ளையின் வீட்டில் முதலில் எழும் கேள்வி, "படித்து முடித்து என்ன வேலை?" என்பதுதான். அரச நியமனம் வரும்வரை காத்திருப்பது என்பதே பெரும்பாலும் அதற்கு மறுமொழி. அப்படிக் காத்திருக்கும் காலத்தில், சொந்த ஊரின் சிறு தோட்டக்காரருக்கு மண்ணைப் பரிசோதித்துக் கொடுத்து, எந்த உரத்தை எவ்வளவு இடுவது என்று சொல்லி, அதற்கு ஒரு நியாயமான கட்டணம் பெறலாமா? கிளிநொச்சி அறிவியல் நகரில் உள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விவசாய பீடத்தில் பட்டம் பெற்ற ஒரு பெண், சண்டிலிப்பாயில் இதைத் தொடங்குவதாக வைத்துக்கொண்டு பார்ப்போம்.

இது புதிய எண்ணமன்று. இந்தியாவில் 2002 ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் விவசாயப் பட்டதாரிகளுக்கென்றே ஒரு திட்டம் தொடங்கப்பட்டது. 'விவசாய கிளினிக்' என்று அதற்குப் பெயர். நோயாளி வைத்தியரிடம் போவதுபோல் விவசாயி பட்டதாரியிடம் போகவேண்டும் என்பது அதன் கருத்து. பயிற்சியும் வங்கிக் கடனும் கொடுத்தார்கள். கடன் மானியம் பெண்களுக்குச் சற்றுக் கூடுதலாகவே இருந்தது. அங்கு ஆலோசனையோடு விதை, உர வியாபாரத்தையும் சேர்த்து நடத்த இடமிருந்தது. இதைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து மானிப்பாய் கடந்து சங்கானைப் பக்கம் போகும் வழியில் இருக்கிறது சண்டிலிப்பாய். வழுக்கையாறு அவ்வூர் வழியாகவே ஓடுகிறது. ஆறு என்றாலும் மாரியில்தான் அதில் நீரைக் காணலாம். மற்றக் காலங்களில் வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் கத்தரிக்கும் கிணறுதான் கதி. வலிகாமத்துக் கிணறுகள் சுண்ணாம்புக்கல்லில் வெட்டப்பட்டவை. அக்கல்லில் வெடிப்புகளும் குகைகளும் உண்டு. மேலே ஊற்றியது விரைவில் கீழே போய்விடும். தோட்டத்தில் தேவைக்கு மேல் இட்ட யூரியா என்னவாகும்? மண்ணில் உள்ள நுண்ணங்கிகள் அதை நைத்திரேற்றாக மாற்றும். நைத்திரேற்று மண் துகளில் ஒட்டி நிற்பதில்லை. நீரோடு இறங்கி அதே கிணற்றுக்குப் போய்ச் சேரும். மறுநாள் இயந்திரம் இறைக்கும்போது அது திரும்பவும் பாத்திக்கு வருகிறது. எங்கள் பட்டதாரி தன் வேலையை எங்கிருந்து தொடங்கவேண்டும் என்பதற்கு விடை இந்தச் சுழற்சியில் இருக்கிறது.

முதலில் மண்ணை எடுத்துக்கொள்வோம். பலரும் நினைப்பதுபோல் பரிசோதனையின் கடினமான பகுதி ஆய்வுகூடத்தில் இல்லை, மண் எடுப்பதில்தான் இருக்கிறது. ஒரு பரப்புக் காணி ஏறக்குறைய 253 சதுர மீற்றர். மேல் 15 சென்றிமீற்றர் மண்ணை மட்டும் கணக்கிட்டாலும் அது ஏறத்தாழ 50,000 கிலோ வரும். ஆய்வுகூடத்துக்குப் போவது அரைக் கிலோ; அங்கே கரைசலில் இடப்படுவது சில கிராம். அந்தச் சில கிராம் முழுத் தோட்டத்துக்கும் சாட்சி சொல்லவேண்டும். ஆகவே குறுக்கும் நெடுக்குமாக நடந்து பத்துப் பதினைந்து இடங்களில் எடுக்கவேண்டும். எருக்குவியல் இருந்த இடம், வரம்பு, மரநிழல், வாய்க்காலோரம் ஆகியவற்றை விட்டுவிட வேண்டும். உரமிட்டு ஓரிரு கிழமைக்குள் எடுத்த மண்ணும் உதவாது.

ஒவ்வோர் இடத்திலும் மேலே கிடக்கும் சருகை விலக்கி, மண்வெட்டியால் ஒரு சாண் ஆழத்துக்குக் குழி வெட்டி, அதன் பக்கச் சுவரிலிருந்து மேலிருந்து கீழாக ஒரு சீவல் மண்ணை எடுத்து பிளாஸ்ரிக் வாளியில் போடவேண்டும். நாகம் பூசிய தகர வாளியானால் நாகத்தின் அளவு பொய்யாகக் கூடிக் காட்டும். எல்லாவற்றையும் கலந்து பரப்பி, நான்காகப் பிரித்து, எதிரெதிரான இரண்டு பங்கை எறிந்துவிட்டு மிகுதியைத் திரும்பக் கலக்கவேண்டும். அரைக் கிலோ மிஞ்சும்வரை இப்படியே செய்து, நிழலில் உலர்த்தி, காணியின் அடையாளத்தை எழுதிக் கட்டவேண்டும். தோட்டக்காரர் கை போன இடத்தில் ஒரு பிடி அள்ளிக் கொடுத்த மண்ணை எவ்வளவு விலையுயர்ந்த கருவியில் பரிசோதித்தாலும் பயனில்லை. கட்டணம் வாங்குவதற்கு உரிய வேலை இந்த அரை நாள் உழைப்புத்தான் என்பது என் எண்ணம். ஆய்வுகூடத்தைச் சொந்தமாகக் கட்டவேண்டிய அவசியமே இல்லை.

அறிக்கையில் வரும் எண்களில் பொஸ்பரசும் பொட்டாசியமும் ஓரளவு நிலையானவை. இந்தப் போகத்துக்கு எவ்வளவு இடலாம் என்று அவற்றைக் கொண்டு சொல்லலாம். ஆனால் சுண்ணாம்பு கலந்த காரமண்ணுக்கு ஒரு முறை, அமில மண்ணுக்கு வேறொரு முறை எனப் பொஸ்பரசை அளக்க வெவ்வேறு முறைகள் உண்டு. மலைநாட்டுத் தேயிலை மண்ணுக்குப் பொருந்தும் முறையால் எங்கள் மண்ணை அளந்தால் இருப்பதைக் குறைத்துக் காட்டிவிடும். எந்த முறை என்று ஆய்வுகூடத்திடம் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். நைதரசன் விடயம் வேறு. மண்ணில் இருக்கும் நைத்திரேற்று ஒரு நல்ல இறைப்போடு இறங்கிவிடும்; போன மாதத்து அளவு இந்த மாதம் செல்லாது. தோட்டக்காரர் அதிகமாக வாங்கிக் கொட்டுவதோ யூரியாதான். அப்படியானால் அதற்கு எதை அளப்பது? கிணற்றைத்தான்.

கிணற்று நீரின் நைத்திரேற்றை அளக்க ஒரு சிறு பட்டி போதும். நீரில் ஒரு கணம் தோய்த்தெடுத்து, குறித்த நேரம் பொறுத்து, நிறத்தைப் பெட்டியிலுள்ள நிறங்களோடு ஒப்பிட வேண்டும். அண்ணளவான விடைதான், ஆனால் இந்த வேலைக்குப் போதும். இங்கே ஒரு பொறி இருக்கிறது. சில பட்டிகள் நைத்திரேற்று முழுவதையும் காட்டும். வேறு சில அதிலுள்ள நைதரசனை மட்டும் காட்டும். இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ நாலரை மடங்கு வேறுபாடு. பெட்டியில் எழுதியிருப்பதை வாசிக்காமல் கணக்குப் போட்டால் ஆலோசனை முழுவதும் தலைகீழாகிவிடும்.

இனி ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒரு பரப்பில் வெங்காயம் நட்ட ஒருவர் என வைத்துக்கொள்வோம். அவருடைய இயந்திரம் 200 லீற்றர் பரலை 40 செக்கனில் நிரப்புகிறது. அதாவது செக்கனுக்கு 5 லீற்றர். ஒருமுறை இறைக்க 25 நிமிடம் எடுக்கிறது. ஆகவே ஓர் இறைப்புக்கு 7,500 லீற்றர். போகம் முடியும்வரை பதினான்கு இறைப்பு என்றால் 1,05,000 லீற்றர். பட்டி லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று என்று காட்டுகிறது. மொத்தம் ஐந்தேகால் கிலோ நைத்திரேற்று. அதில் நைதரசன் 1.2 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு நைதரசன். ஆகவே அவருடைய கிணறு, அவர் அறியாமலே, ஏறக்குறைய இரண்டரைக் கிலோ யூரியாவுக்குச் சமமானதைத் தோட்டத்துக்கு ஊற்றுகிறது. அவர் ஒரு பரப்புக்கு ஐந்து கிலோ யூரியா இடுபவரானால், அதில் பாதி.

"அப்ப நான் பாதியைக் குறைக்கலாமோ பிள்ளை?" என்று அவர் கேட்பார். அவசரப்பட்டு ஆமென்று சொல்லக்கூடாது. வெங்காயத்தின் வேர் ஆழமாகப் போவதில்லை. இறைத்த நீரில் ஒரு பங்கு வேரைத் தாண்டிக் கீழே போகும்; அதிலுள்ள நைதரசனும் போகும். பாதி பயன்படுகிறது என்று கொண்டால் ஒன்றேகால் கிலோ. முதல் போகத்தில் ஒரு கிலோவைக் குறைக்கச் சொல்லலாம், அதுவும் கடைசியாக இடும் யூரியாவிலிருந்து. ஏனெனில் நீர் வழி வரும் நைதரசன் நாளாக ஆகச் சேர்ந்துகொண்டே போகிறது. பிந்தி இட்ட யூரியாவால் வெங்காயத்தின் கழுத்துத் தடித்து, முற்றப் பிந்தி, கட்டித் தொங்கவிட்டால் விரைவில் அழுகும்.

அத்தோடு இரண்டு பாத்திகளை மட்டும் அவர் வழக்கப்படியே விடச் சொல்லவேண்டும். அறுவடையன்று அந்த இரண்டையும், குறைத்து இட்ட இரண்டு பாத்திகளையும் வெவ்வேறாக நிறுத்துப் பார்க்கலாம். இடையில் இலை மஞ்சளானால் எந்த இலை என்று பார்க்கவேண்டும். முதிர்ந்த இலை முதலில் மஞ்சளானால் நைதரசன் குறைவு; குறைத்ததைத் திரும்ப இடவேண்டும். இளம் இலை மஞ்சளானால் அது பெரும்பாலும் இரும்புச் சத்தின் குறை. சுண்ணாம்பு நீர் தொடர்ந்து இறைத்துக் காரத்தன்மை ஏறிய மண்ணில் இது வரும். அதற்கு யூரியா மருந்தல்ல. எங்கள் தோட்டங்களில் மஞ்சளைக் கண்டவுடன் யூரியா எறியும் பழக்கம் பலருக்கு இருக்கிறது.

ஒரு கிலோ யூரியா பெரிதா என்று பெற்றோர் கேட்கலாம். 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டு, அவ்வாண்டு நவம்பரில் தடை நீங்கிய பின்னும் விலை பல மடங்காகி நின்ற நாட்களில் தோட்டம் செய்தவரைக் கேட்டால் விடை கிடைக்கும். வேறொரு காரணமும் உண்டு. உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு விதித்த எல்லையும் லீற்றருக்கு அதே 50 மில்லிகிராம் நைத்திரேற்றுத்தான். வலிகாமத்துக் கிணறுகள் பல அதைத் தாண்டியவை என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியுள்ளன. கூடுதலான நைத்திரேற்று உள்ள நீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால், கைக்குழந்தையின் குருதி ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலை இழந்து உடல் நீலம் பாயக்கூடும். கொதிக்கவைத்தால் நைத்திரேற்றுப் போகாது. நீர் வற்றுவதால் செறிவு கூடவே செய்யும். தோட்டக் கிணற்றுக்காகக் கொண்டுபோன பட்டியை வீட்டுக் கிணற்றிலும் ஒருமுறை தோய்த்துப் பார்ப்பதற்கு எங்கள் பட்டதாரி காசு வாங்கக்கூடாது. அளவு கூடியிருந்தால், வீட்டில் கைக்குழந்தை உண்டா என்று கேட்டு, வேறு நீர் எடுக்கச் சொல்லி, பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு அறிவிக்கவேண்டும்.

இனி, முன்னர் ஒத்திவைத்த வியாபாரப் பேச்சு. உரக்கடை முதலாளி கடனுக்கு உரம் தருகிறார். ஆலோசனையை இனாமாகத் தருகிறார். அவரோடு எப்படிப் போட்டியிடுவது? தானும் உரம் விற்றால் வருமானம் வரும். ஆனால் "ஒரு கிலோவைக் குறையுங்கள்" என்று சொல்லும் வாய் அதன்பின் தயங்கும். ஆகவே உரம் விற்பதை நான் ஆதரிக்கமாட்டேன். அறிக்கைக்கு இவ்வளவு என்று வாங்குவதைவிடப் போகத்துக்கு இவ்வளவு என்று பேசி, மண் எடுக்க ஒருமுறை, கடைசி உரத்துக்கு முன் ஒருமுறை, அறுவடைக்கு ஒருமுறை என மூன்று தடவை தோட்டத்துக்குப் போவது நல்லது. ஒரு வீட்டை மட்டும் நம்பினால் கட்டுபடியாகாது. அயலில் உள்ள பத்துப் பன்னிரண்டு தோட்டக்காரர் சேர்ந்தால் போக்குவரத்தும் ஆய்வுகூடச் செலவும் பங்காகிக் குறையும்.

ஆலோசனையை எழுதிக் கொடுக்கும்போது ஹெக்ரயருக்கு இத்தனை கிலோ என்று எழுதினால் அந்தத் தாள் கூரையில் செருகப்பட்டுவிடும். ஒரு பரப்புக்கு எத்தனை சுண்டு, எந்தக் கிழமையில் என்று எழுதவேண்டும். அதற்கு முன் அவர் வீட்டுச் சுண்டையே வாங்கி, அதில் யூரியாவை நிரப்பித் தராசில் வைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். யூரியாவின் நிறையும் அரிசியின் நிறையும் ஒன்றல்ல.

அறுவடை நாளில் குறைத்த பாத்தியும் குறைக்காத பாத்தியும் ஒரே நிறை காட்டினால் அடுத்த போகத்தில் இன்னும் அரைக் கிலோ குறைத்துப் பார்க்கலாம். குறைத்த பாத்தி நிறை குறைந்திருந்தால், அதைக் கொப்பியில் அப்படியே எழுதி, தோட்டக்காரரிடமும் ஒளிக்காமல் சொல்லி, அந்த ஒரு கிலோவைத் திரும்பச் சேர்க்கவேண்டும்.