தள்ளிப்போன விழாவுக்குப் பழைய டிக்கெட் செல்லுமா?

நிகழ்ச்சி தள்ளிப்போனதைப் பதிவு செய்தவர்களுக்குத் தெரிவிக்கும் கடிதத்தில், புதிய தேதிக்கு அடுத்த வரியிலேயே பழைய பதிவு செல்லுமா என்பதற்குப் பதில் இருக்க வேண்டும். டோக்கியோ ஒலிம்பிக் இதற்கு நல்ல உதாரணம். 2020 ஜூலை 24 அன்று தொடங்கவிருந்த விழா, கொரோனாவால் 2021 ஜூலை 23-க்கு மாறியது. இரண்டுமே வெள்ளிக்கிழமை. கிழமை மாறாததால் போட்டி அட்டவணையைப் பெரிதாகக் கலைக்க வேண்டியிருக்கவில்லை; வாங்கிய டிக்கெட் அப்படியே புதிய நாளுக்குச் செல்லும் என்று அறிவிக்க முடிந்தது. வர இயலாதவர்கள் மட்டுமே விண்ணப்பிக்க வேண்டும். ஜப்பானில் வாங்கியவர்களுக்கு 2020 நவம்பர் 10 முதல் 30 வரை அவகாசம் தரப்பட்டது. சும்மா இருந்தால் பதிவு தொடருமா, ரத்தாகுமா என்பதையும், பணம் திரும்பக் கேட்கக் கடைசி நாளையும் கடிதம் சொல்லாமல் விட்டால், வர விரும்புபவரும் பயந்துபோய் பணத்தைத் திரும்பக் கேட்டுவிடுவார்.