ஸ்வெட்டர் சுருங்குவது வெந்நீரால் மட்டுமல்ல

மெஷினில் போட்ட கம்பளி ஸ்வெட்டர் குழந்தைச் சட்டை அளவில் வெளியே வந்தால் எல்லோரும் வெந்நீரைத்தான் திட்டுகிறார்கள். வெந்நீருக்கும் பங்கு உண்டு. ஆனால் முதல் காரணம் உருட்டலும் உரசலும்தான். குளிர்ந்த தண்ணீரிலேயே துவைத்தாலும் காட்டன் துணிக்கான சுழற்சியில் முக்கால் மணி நேரம் புரண்டால் கம்பளி கெட்டுப்போகும்.

ஆட்டு ரோமத்தை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால், கூரையில் ஓடு வேய்ந்ததுபோல் நுனியை நோக்கி அடுக்கடுக்காகச் செதில்கள் தெரியும். ஈரத்தில் இழை உரசும்போது அது வேர்ப்பக்கமாக எளிதில் நகரும். திரும்பி வரச் செதில்கள் விடுவதில்லை. இப்படி நகர்ந்து நகர்ந்து இழைகள் ஒன்றோடொன்று பின்னி இறுகிவிடுகின்றன. காஷ்மீரில் நம்தா விரிப்புகளை இதே குணத்தை வைத்துத்தான் வேண்டுமென்றே செய்கிறார்கள்.

மெஷினின் 'வூல்' சுழற்சி இந்த உரசலைக் குறைப்பதற்காகவே அமைந்தது. ஃப்ரண்ட் லோட் மெஷினின் கண்ணாடிக் கதவு முன் நின்று பார்த்தால் தெரியும்: ட்ரம் சில விநாடிகள் மெல்ல அசையும், பிறகு வெகுநேரம் சும்மா நிற்கும். மெஷின் ரிப்பேரோ என்றுகூடச் சந்தேகம் வரும். அந்த ஓய்வுதான் ஸ்வெட்டரைக் காப்பாற்றுகிறது.

சுமார் 400 கிராம் எடையுள்ள ஒரு ஸ்வெட்டரை எடுத்துக்கொள்வோம். முதலில் லேபிளைப் பார்க்க வேண்டும். தொட்டிப் படத்தின் கீழே இரண்டு கோடுகள் இருந்தால், மெஷினில் மென்மையான சுழற்சியில் போடலாம் என்று பொருள். தொட்டிக்கு மேல் குறுக்குக் கோடுகள் இருந்தால் மெஷின் பக்கமே போகக் கூடாது. துவைப்பதற்கு முன் அதன் நீளத்தையும் மார்பு அகலத்தையும் அளந்து குறித்துக்கொள்வது நல்லது. பிறகு உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி, வலைப்பைக்குள் போட்டு, 30 டிகிரியில் 'வூல்' சுழற்சியை வைக்கலாம். 7 கிலோ மெஷினானாலும் இந்தச் சுழற்சிக்கு 2 கிலோவுக்கு மேல் துணி போடாமல் இருப்பதே பாதுகாப்பு.

சோப்பில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். பல சாதாரண பவுடர்களில் புரதக் கறையைத் தின்னும் என்சைம் இருக்கிறது. கம்பளியும் புரதம்தான், அதையும் அது அரிக்கும். கம்பளிக்கென விற்கும் திரவ சோப்பே போதும்.

ஸ்பின் என்றால் பலருக்குப் பயம். உண்மையில், 600 சுற்றுக்கு மேல் போகாத குறுகிய ஸ்பின்னில் துணி ட்ரம் சுவரோடு ஒட்டியபடி சுற்றுகிறது, உரசல் குறைவு. கையால் முறுக்கிப் பிழிவதைவிட அது மேல். முடிந்ததும் உடனே எடுத்து, துண்டின் மேல் படுக்கையாக விரித்து, குறித்துவைத்த அளவுக்கு நீவிவிட வேண்டும். கொடியில் தொங்கவிட்டால் ஈரப் பாரத்தில் நீண்டுவிடும்.

அதன் பிறகும் ஸ்வெட்டர் சிறுத்துத் தெரிந்தால் கண்களை உற்றுப் பார்க்க வேண்டும். பின்னல் கண்கள் தெளிவாகத் தெரிந்தால் அது வெறும் இறுக்கம். மறுபடி நனைத்து, மெல்ல இழுத்து உலர்த்தினால் பெரும்பாலும் சரியாகும். கண்கள் மறைந்து துணி தடித்துப்போயிருந்தால் இழைகள் பின்னிவிட்டன. அதைப் பிரிக்க வழியில்லை.